காலியிடம் அறிவிக்காத சிறிய நிறுவனத்துக்குப் புரொஃபைல் லிங்க்குடன் மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

பதினைந்து இருபது பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் மனிதவளத் துறை என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இருக்காது. உங்கள் மின்னஞ்சலைப் படிக்கப்போகிறவர் அநேகமாக உரிமையாளராகவே இருப்பார். அவர் ஆள் தேடவில்லை என்பதால், வேலை கேட்டு வரும் எந்தக் கடிதத்துக்கும் ‘இப்போது இடமில்லை’ என்ற பதில் அவரிடம் தயாராக இருக்கும். அந்தப் பதிலுக்கு இடம் கொடுக்காமல், அவருடைய நிறுவனத்தில் முடியாமல் கிடக்கும் ஒரு வேலையையும் நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்த ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டி, பத்து நிமிடப் பேச்சை மட்டும் கேட்பதே இந்த மின்னஞ்சலின் பணி.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் மளிகைக் கடைகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் செய்து விற்கும் ஒரு சிறு நிறுவனம். எழுதுகிறவர் வேறொரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் மூன்று ஆண்டுகள் இருந்தவர்; கடைக்காரர்களுக்குப் புரியும்படி தமிழில் பயன்பாட்டுக் குறிப்புகள் எழுதத் தெரிந்தவர்.

முதல் படி: நிறுவனத்தில் ஒரு வேலையைக் கண்டுபிடியுங்கள்

எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு மாலை நேரத்தையாவது இதற்கு ஒதுக்குங்கள். நிறுவனத்தின் இணையதளம், அவர்களுடைய யூடியூப் விளக்க வீடியோக்கள், அவற்றின் கீழே வாடிக்கையாளர்கள் கேட்டிருக்கும் கேள்விகள் ஆகியவற்றைப் பொறுமையாகப் படியுங்கள். நம் எடுத்துக்காட்டில், உதவிப் பக்கங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வீடியோக்களின் கீழே, ‘சரக்கு திரும்பி வந்தால் பில்லை எப்படி மாற்றுவது?’ என்று தமிழில் பலர் கேட்டிருக்கிறார்கள். இந்த ஒரு கவனிப்பு போதும். கண்ணில் பட்ட குறைகளையெல்லாம் பட்டியலிட வேண்டாம். அந்த மென்பொருளைப் பாடுபட்டு உருவாக்கியவரே அதைப் படிப்பார் என்பதால், இரண்டாவது குறையிலேயே அவர் மனம் கோணிவிடும்.

இரண்டாம் படி: லிங்க்கைத் தயார்செய்யுங்கள்

பலருடைய முயற்சி வெளியே தெரியாமல் தோற்பது இந்த இடத்தில்தான். லிங்க்ட்இன் கணக்கில் நுழைந்த நிலையில் உங்களுக்குத் தெரியும் புரொஃபைல் வேறு, கணக்கில் நுழையாதவருக்குத் தெரியும் புரொஃபைல் வேறு. உங்கள் புரொஃபைல் பக்கத்தில் `Public profile & URL` என்ற பகுதிக்குச் சென்று, பொதுப் பார்வை இயக்கப்பட்டிருக்கிறதா, எந்தெந்தப் பகுதிகள் வெளியே தெரிகின்றன என்று பாருங்கள். பெயருக்குப் பின்னால் எண்களும் எழுத்துகளுமாக நீளும் முகவரியை அங்கேயே சுருக்கமான ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு சரிசெய்தாலும், கணக்கு இல்லாதவரை லிங்க்ட்இன் உள்நுழையச் சொல்லிக்கொண்டே இருக்கும். எனவே புரொஃபைல் லிங்க்குடன், உங்கள் வேலையின் ஒரே ஒரு மாதிரிக்கு நேராகச் செல்லும் லிங்க்கையும் கொடுப்பது நல்லது. மாதிரி கூகுள் டாக்ஸில் இருந்தால், பகிர்வு அமைப்பு `Restricted` என்பதிலிருந்து `Anyone with the link` என்று மாற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் அனுமதி கேட்கும் பக்கத்தைத்தான் பார்ப்பார். கேட்டுக்கொண்டு காத்திருக்க மாட்டார், மூடிவிடுவார். முன்பு வேலை செய்த நிறுவனத்தின் உள் ஆவணங்களை மாதிரியாகக் காட்டுவதையும் அறவே தவிருங்கள். அதே வகையான பக்கம் ஒன்றைப் புதிதாக எழுதுங்கள்.

இரண்டு லிங்க்குகளையும் குரோமில் `Ctrl+Shift+N` அழுத்தித் திறக்கும் மறைநிலைச் சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். பிறகு கைபேசியிலும் திறந்து பாருங்கள். முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகளைப் பயன்படுத்த வேண்டாம். எங்கே போகிறது என்று தெரியாத லிங்க்கை, முன்பின் தெரியாதவரிடமிருந்து வந்த மின்னஞ்சலில் யாரும் அழுத்தத் துணிவதில்லை.

மூன்றாம் படி: எழுதுங்கள்

இப்படிப்பட்ட கடிதங்களை நம் ஊரில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். இங்கே காட்டப்போகும் திறமையே தமிழ் எழுத்து என்பதால், தமிழில் எழுதுவதுதான் பொருத்தம்.

> பொருள்: தமிழ் உதவிப் பக்கங்கள்: உங்கள் பில்லிங் மென்பொருளுக்கு ஒரு மாதிரி
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். உங்கள் யூடியூப் வீடியோக்களின் கீழே, சரக்கு திரும்பி வரும்போது பில்லை மாற்றுவது பற்றிக் கடைக்காரர்கள் பலர் தமிழில் கேட்டிருப்பதைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் ஒருவரே படித்துச் செய்துகொள்ளக்கூடிய விளக்கப் பக்கம் ஒன்றை எழுதியிருக்கிறேன்:
> (மாதிரிப் பக்கத்தின் லிங்க்)
>
> மென்பொருள் நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன். என் பணி விவரங்கள் இங்கே உள்ளன:
> (புரொஃபைல் லிங்க்)
>
> உங்கள் நிறுவனம் இப்போது ஆள் எடுப்பதாக அறிவிக்கவில்லை என்பதை அறிவேன். இத்தகைய பக்கங்கள் உங்களுக்குப் பயன்படுமா என்பதைப் பற்றி அடுத்த வாரத்தில் பத்து நிமிடம் தொலைபேசியில் பேச இயலுமா?
>
> நன்றியுடன்,
> (பெயர், கைபேசி எண்)

பொருள் வரியில் ‘வேலை விண்ணப்பம்’ என்ற சொற்கள் இல்லை. அவை இருந்தால் திறப்பதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிடும். கைபேசியில் பொருள் வரியின் பின்பகுதி வெட்டுப்பட்டுவிடும் என்பதால், ‘தமிழ் உதவிப் பக்கங்கள்’ என்பது முதலில் நிற்கிறது. பிறந்த ஊர், படிப்பு, ‘கடின உழைப்பாளி’ போன்றவற்றுக்கு இங்கே இடமில்லை. தேவையான விவரங்கள் புரொஃபைலில் இருக்கின்றன. காலியிடம் இல்லை என்பதை நாமே சொல்லிவிடுவது முக்கியம் என்று நான் கருதுகிறேன், ஏனெனில் அதைச் சொல்லவேண்டிய சங்கடம் அவருக்கு இல்லாமல் போய், கேட்ட சிறிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதினால் போதும் என்றாகிவிடுகிறது. லிங்க் எங்கே போகிறது என்பதும் அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது. பயோடேட்டாவைக் கோப்பாக இணைக்க வேண்டாம், கேட்டால் அனுப்பலாம்.

நான்காம் படி: அனுப்புங்கள், காத்திருங்கள்

உரிமையாளரின் முகவரி இணையதளத்தில் இருந்தால் அதற்கே அனுப்புங்கள். `info@` என்று தொடங்கும் பொது முகவரி மட்டும் கிடைத்தால் அதுவும் சரிதான். ஆனால் உரிமையாளரின் பெயரை விளிப்பில் எழுதினால், திறப்பவர் அதை உரியவரிடம் சேர்க்க வாய்ப்பு உண்டு. பல நிறுவனங்களை மறைநகலில் சேர்த்து ஒரே மின்னஞ்சலாக அனுப்பவே கூடாது. நகலெடுத்து எழுதும்போது ஓரிடத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் தங்கிவிடுவது அடிக்கடி நடப்பதால், அனுப்பும் முன் ஒருமுறை உங்களுக்கே அனுப்பிப் படித்துப் பாருங்கள்.

ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், புதிய மின்னஞ்சல் தொடங்காமல், முன்பு அனுப்பியதற்கே பதிலாக இரண்டு வரி எழுதுங்கள். ‘பார்த்தீர்களா?’ என்று கேட்பதைவிட, ‘சரக்கு இருப்பு சரிபார்ப்பது பற்றி இன்னொரு பக்கம் சேர்த்திருக்கிறேன்’ என்று சொல்வது மேல். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த நிறுவனத்துக்கு மேற்கொண்டு எழுத வேண்டாம்.

பதில் வந்து, ‘இன்னும் பத்துப் பக்கம் எழுதிக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்’ என்று கேட்கக்கூடும். மாதிரியாக ஒரு பக்கத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். அதற்கு மேல் எழுதுவது வேலை. ஆகவே அந்தப் பத்துப் பக்கங்களை எத்தனை நாளில் முடிப்பீர்கள், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பதைத் தயங்காமல், மரியாதையாகப் பதிலில் எழுதுங்கள். காலியிடம் இல்லாத நிறுவனமும் ஒரு சிறு ஒப்பந்தப் பணிக்குப் பணம் கொடுக்க முடியும். பலருக்கு உள்ளே நுழையும் வழியாக அமைவதும் அந்தப் பணிதான்.