ஒப்புதலுக்குப் பின் படத்தில் கண்ட எழுத்துப்பிழை: குழுத் தலைவருக்கு நான் எழுதிய மின்னஞ்சல்

ஒப்புதல் பெற்ற பதாகையின் கைபேசி அளவுப் படத்தில், 'பெயர்ப் பதிவு' என்ற தலைப்பின் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் விழுந்திருந்தது. பெரிய படம் சரியாக இருந்ததால், எங்களுக்குத் தரப்பட்ட உரையில் தவறில்லை, அளவு மாற்றும்போது புதிதாகச் சேர்த்த எழுத்துப் பெட்டியில்தான் கோளாறு என்பது தெளிவாயிற்று. குழுத் தலைவருக்கு உடனே எழுதினேன்:

"வணக்கம். ஒப்புதலான கைபேசிப் பதாகையின் தலைப்பில் கொம்பு இடம் மாறியுள்ளது. பிழையை வட்டமிட்ட படத்தை இணைத்துள்ளேன். மற்ற அளவுகள் சரியாக உள்ளன. வெளியீட்டை இந்த ஒரு படத்துக்கு மட்டும் நிறுத்திவைக்க வேண்டுகிறேன். ஃபோட்டோஷாப்பில் அந்தப் பெட்டிக்கு, தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் World-Ready Layout அமைப்பைத் தேர்ந்து, மூலக்கோப்பிலிருந்தே மீண்டும் ஏற்றுமதி செய்து, ஒப்புதலான உரையுடன் இன்னொருவரைக் கொண்டு ஒப்பிட்டு, இன்று மாலை 4 மணிக்குள் அனுப்புகிறேன். மாறிய வரிக்கு மட்டும் தங்கள் மறு ஒப்புதல் தேவை."

அவர் அரை மணி நேரத்தில் இசைந்தார். திருத்திய படத்துக்குப் புதிய கோப்புப்பெயர் இட்டேன். பழைய பெயரிலேயே ஏற்றினால், உலாவியின் தற்காலிகச் சேமிப்பு பிழையான படத்தையே தொடர்ந்து காட்டக்கூடும். பின்னர் கைபேசியிலேயே திறந்து, கொம்பு பகரத்துக்கு முன்னால் நிற்பதை உறுதிசெய்தேன்.