சக மாணவரின் கட்டுரை வரைவுக்குக் கருத்து எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வரைவுகளை மாற்றிக்கொண்டு கருத்து எழுதுங்கள் என்று ஆசிரியர் சொன்னதும் பெரும்பாலோர் பேனாவை எடுத்துச் சந்திப்பிழைகளைச் சுழிக்கத் தொடங்குகிறார்கள். பிழை தேடும் கண் சொல் சொல்லாக நகரும்; கட்டுரை எதை நிறுவப் பார்க்கிறது என்பதைக் கவனிக்காது. அடுத்த வரைவில் அந்தப் பத்தியே நீக்கப்படலாம். நீக்கப்படப்போகும் பத்தியில் பதினேழு இடங்களில் ஒற்றுப் போட்டு என்ன பயன்?

ஒரு வரைவை எடுத்துக்கொள்வோம். தலைப்பு ‘பிளாஸ்டிக் தடை’. ஐந்து பத்திகள், ஏறக்குறைய 600 சொற்கள். முதல் இரண்டு பத்திகள் மாடுகள் பை தின்பதையும் வடிகால் அடைபடுவதையும் சொல்கின்றன. மூன்றாவது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்ததைச் சொல்கிறது. நான்காவது, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். ஐந்தாவது பத்தி இப்படி முடிகிறது: “எங்கள் தெருக் கடையில் இன்றும் கேரி பேக் தருகிறார்கள். ஆகவே தடை தோல்வி.”

இதற்குப் பலர் எழுதும் கருத்து: “நன்று. ஆதாரம் போதாது. முடிவுரையை மேம்படுத்தவும்.” மூன்றுமே உண்மைதான். ஆனால் எந்த வரிக்கு ஆதாரம், எப்படிப்பட்ட ஆதாரம் என்று எழுதியவருக்குத் தெரியாது. அவர் வீட்டுக்குப் போய் முடிவுரையில் இரண்டு அழகான வாக்கியங்களைச் சேர்ப்பார். கட்டுரை அப்படியே இருக்கும்.

முதல் முறை பேனா இல்லாமல் கடைசி வரை படியுங்கள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். மேலே உள்ள வரைவைப் படித்தவர் ‘பிளாஸ்டிக் கெடுதலானது’ என்றே எழுதுவார். எழுதியவர் சொல்ல நினைத்ததோ ‘தடை தோற்றுவிட்டது’. இந்த இடைவெளிதான் நீங்கள் கொடுக்கக்கூடியவற்றிலேயே மதிப்பு மிகுந்த தகவல். “நான்தான் சரியாகப் படிக்கவில்லை போல” என்று அதை மறைத்துவிடாதீர்கள். தன் மனதில் இருப்பது தாளிலும் இருக்கிறதா என்பதை எழுதியவரால் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாம் முறை படிக்கும்போது ஓரக்குறிப்பு எழுதுங்கள். எந்த இடம், அங்கே வாசகராக உங்களுக்கு என்ன நேர்ந்தது, அடுத்து என்ன தேவைப்பட்டது என்ற மூன்றும் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்கட்டும். உதாரணம்:

“பத்தி 5, கடைசி வரி: ‘தோல்வி’ என்ற சொல்லை இங்கேதான் முதன்முதலில் பார்த்தேன், நான்கு பத்திகள் வரை தடையை ஆதரிக்கும் கட்டுரை என்றே நினைத்தேன். இந்தக் கருத்தை முதல் பத்தியிலேயே சொல்லலாமா? ஒரு கடையை மட்டும் வைத்து மாநிலம் முழுவதற்கும் முடிவு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்தாறு கடைகளில் கேட்டுப் பார்த்தால், ‘எங்கள் பகுதியில் தடை நடைமுறைக்கு வரவில்லை’ என்றாவது சொல்லலாம்.”

இதைப் படித்தவருக்கு இன்று மாலை என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும். இப்படி இரண்டு அல்லது மூன்று பெரிய குறிப்புகள் போதும். பதினைந்து எழுதினால் அவர் எளிதான பன்னிரண்டைச் செய்துவிட்டுக் கடினமான மூன்றை விட்டுவிடுவார்.

அக்கறையில் விளையும் தவறு ஒன்று உண்டு: பத்தியை நாமே திருப்பி எழுதிக் கொடுப்பது. வந்து சேர்வது உங்கள் நடை. ஏன் மாற்றினீர்கள் என்பது அவருக்குப் புரியாது. பெரும்பாலும் கேள்வியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வாக்கியம் காட்டியே ஆகவேண்டுமென்றால் ஒன்று போதும்.

இன்னொன்று, கட்டுரையை விட்டுவிட்டு நிலைப்பாட்டோடு சண்டை போடுவது. தடை வெற்றி பெற்றது என்று நீங்கள் நம்பலாம். “அது தவறு” என்று எழுதுவதால் வரைவு முன்னேறாது. “மஞ்சப்பை பயன்பாடு பற்றி நீயே பத்தி 4-இல் சொல்லியிருக்கிறாயே, அது உன் முடிவுக்கு எதிராக நிற்கிறதே, அதற்கு என்ன பதில்?” என்று கேட்டால் அவருடைய வாதம்தான் வலுப்படும்.

பாராட்டுக்கும் இடம் குறியுங்கள். “பத்தி 3-இல் தேதியும் பொருட்களின் எண்ணிக்கையும் கொடுத்ததால் நம்பிக்கை வந்தது” என்று எழுதினால், திருத்தும்போது அந்த வரியில் கை வைக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ‘நன்று’ என்ற சொல் அந்த வேலையைச் செய்யாது.

சந்திப்பிழைகளைக் கடைசியில் பாருங்கள், அதுவும் வகையாக. ‘கடைகளுக்கு சென்று’, ‘மக்களுக்கு கொடுத்து’ என்று திரும்பத் திரும்ப வந்தால் ஒரு இடத்தில் மட்டும் ‘கடைகளுக்குச் சென்று’ என்று திருத்தி, “கு உருபுக்குப் பின் க, ச, த, ப வரும் மற்ற இடங்களையும் பார்” என்று எழுதுங்கள். மிச்சத்தை அவரே தேடிப்பிடிக்கட்டும்.