இருவரையும் தெரிந்தவர் மெசேஜ் எழுதுவது எப்படி?

கல்லடியில் இருக்கும் தோழிக்கு விவாகரத்து வழக்கு. கணவரும் உங்களோடு ஒரே கந்தோரில் வேலை செய்கிறவர். இரவில் வாட்ஸப்பில் வருகிறது: "மூணு மாசமா வீட்டுப் பக்கமே வரல்ல கா. நீயே சொல்லு, இது சரியா?"

முதலில், மனதில் வருவதை அனுப்பாமல் போனில் நோட்ஸில் எழுதுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"அவர் செஞ்சது துரோகம். பிள்ளையையும் ஒன்னையும் வேணுமெண்டே விட்டுட்டுப் போயிட்டார்."

அடுத்து, நீங்கள் கண்ணால் காணாத ஒவ்வொரு சொல்லையும் வெட்டுங்கள். 'துரோகம்' உங்கள் தீர்ப்பு. 'வேணுமெண்டே விட்டுட்டு' அதைவிடச் சிக்கல். இலங்கையின் பொதுச் சட்டத்தில் இருவரும் சம்மதித்தால் மட்டும் விவாகரத்துக் கிடைக்காது. வேறொருவரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமணத்தின்போதே இருந்த தீராத உடலுறவு இயலாமை ஆகிய மூன்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். (முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம், வேறு சட்டம்.) நீதிபதி தீர்மானிக்க வேண்டியதை நீங்கள் இரவு பதினொரு மணிக்கு எழுதிக் கொடுத்தால், அந்த ஸ்கிரீன்ஷொட் சட்டத்தரணியின் கைக்குப் போகலாம். கணவரின் போனுக்கும் போகலாம்.

வெட்டியபின் மிச்சம் வெறுமையாக இருக்கும். "ரெண்டு பக்கமும் பிழை இருக்கும்" என்று அதை நிரப்பாதீர்கள். நடுநிலை மாதிரித் தெரியும், ஆனால் அதுவும் ஒரு தீர்ப்புத்தான். அவள் படும் பாட்டையும் நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலையையும் எழுதுங்கள்:

"தனியாச் சமாளிச்சுக் களைச்சுப் போயிருப்பாய் கா. சரியா பிழையா எண்டு நான் எழுத மாட்டன், எனக்கு அவரையும் தெரியும். செவ்வாய்க்கிழமை நீ கோட்டுக்குப் போனா, பிள்ளையப் பள்ளிக்கூடத்தால நான் கூட்டி வாறன்."

அனுப்பமுன் அவள் கணவர் இதை வாசிப்பதாக நினைத்து ஒருதரம் வாசியுங்கள். அவருக்கு நேரில் விளக்கம் சொல்ல வேண்டிய வரி இருந்தால் அதையும் எடுங்கள்.

மறுகா, அவரும் கேட்பார்: "அவ என்ன சொல்றா?" பதில் சுருக்கமாக இருக்கட்டும். "அவட கதைய உங்களுக்குச் சொல்ல மாட்டன். உங்கட கதைய அவக்கும் சொல்ல மாட்டன்." இதையே தோழியிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், கந்தோரில் நீங்கள் அவரோடு தேநீர் குடித்த செய்தி ஊர்வாயால் வேறு விதமாக அவள் காதுக்குப் போகும்.

யாராவது சத்தியக்கடதாசி கேட்டால் வாட்ஸப்பில் "ஓம்" போடாதீர்கள். சட்டத்தரணியை நேரில் பாருங்கள். நீங்கள் கண்டதை, கண்ட திகதியோடு மட்டும் சொல்லலாம். அவள் சொல்லிக் கேட்டதை நீங்கள் கண்டதாகச் சொல்லக்கூடாது.

அடி, மிரட்டல் என்று வந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அப்போது எழுதிக்கொண்டிருக்காமல் கோல் எடுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 119. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவள் பாதுகாப்புக் கட்டளையும் கேட்கலாம்.