கைவேலைப் பொருளுக்கு விவரம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துப்பிழையை யாராவது சுட்டிக்காட்டினால் திருத்திவிடலாம், அதை விடுவோம். புதிதாக ஆன்லைன் கடை தொடங்குகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்து எரிச்சல் வரும் தவறு வேறு.

தேடல் சொல்லை வரிக்கு வரி திணிப்பது

ஒரு குரோஷே பைக்கு எழுதியிருந்த விவரம் இது: “கைப்பின்னல் குரோஷே பை, பெண்களுக்கான குரோஷே பை, அழகான குரோஷே தோள் பை, பரிசுக்கு ஏற்ற குரோஷே பை.”

நான்கு முறை பை வந்துவிட்டது. அதில் என்ன வைக்கலாம் என்பது மட்டும் வரவில்லை. கூகுள் இப்படித் திணிப்பதை ஸ்பேம் என்றே தன் விதிகளில் சொல்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் வாங்க வந்தவரிடம்தான். போனில் பல கடைகளில் முதல் சில வரிகள்தான் தெரியும், மீதியைத் தட்டித் திறக்க வேண்டும். அந்த இடத்தையே வீணாக்கினால் அவர் அளவைப் படத்தைப் பார்த்து ஊகிப்பார். பை கைக்கு வந்ததும் “லேப்டாப் நுழையவில்லை” என்று திருப்பி அனுப்புவார்.

தேடுகிறவர் தட்டும் சொற்றொடர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேடல் பெட்டியில் “குரோஷே” என்று தட்டினால் வரும் பரிந்துரைகளும், வாங்கியவர்கள் கேட்ட கேள்விகளும் அதைக் காட்டிக்கொடுக்கும். அது தலைப்பில் ஒரு முறை, முதல் வாக்கியத்தில் ஒரு முறை வந்தால் போதும். நிறம், நூல் வகை போன்றவற்றுக்குக் கடைத்தளத்தில் தனிக் கட்டங்கள் இருந்தால் அங்கே போடுங்கள். அதே பையை இப்படி எழுதலாம்:

“பருத்தி நூலில் கையால் பின்னிய குரோஷே தோள் பை. அகலம் 34 செ.மீ., உயரம் 30 செ.மீ.; ஏ4 நோட்டும் தண்ணீர் பாட்டிலும் அடங்கும், 15 அங்குல லேப்டாப் அடங்காது. பாரம் ஏறினால் பின்னல் தொங்கும் என்பதால் பட்டையை இரட்டை நூலில் பின்னி, உள்ளே துணி வைத்துத் தைத்திருக்கிறோம்.”

கடைசி வாக்கியத்தில் தேடல் சொல் எதுவும் இல்லை. ஆனால் செய்தவரின் கை தெரிவது அங்கேதான். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். எதிரே நிற்பவரிடம் சொல்லக் கூசும் வாக்கியம் இருந்தால், அது தேடுபொறிக்காக எழுதியது; வெட்டிவிடுங்கள்.

“அன்போடு செய்தது”

இதற்குப் பதில் எந்தத் தையலில், எந்த முடிச்சில் செய்தது என்று எழுதுங்கள்.

மெட்டா கீவேர்டு கட்டத்தை நிரப்புவது

வாங்குகிறவர் கண்ணில் படாமல், தேடுபொறிக்காக மட்டும் தேடல் சொற்களை எழுதும் கட்டம் இது. தேடல் தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

பத்துப் பைக்கும் ஒரே விவரத்தை ஒட்டுவது

பக்கங்கள் ஒன்றுபோல இருந்தால் தேடலில் பெரும்பாலும் ஒன்றுதான் காட்டப்படும். நிறம் மட்டும் மாறினால் ஒரே பக்கத்தில் தேர்வுகளாக வையுங்கள். பின்னல் மாறினால் முதல் இரண்டு வாக்கியங்களையாவது புதிதாக எழுதுங்கள். கையால் செய்தது என்பதால் பைக்குப் பை 1 செ.மீ. கூடக் குறைய இருக்குமென்றால், அதை அளவுக்குப் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.