50 என்று தோன்றும், விடை 48: வளாக நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் முறை

கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்தில் இறுதியாண்டு படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கம்பனிகள் முதலில் வைப்பது உளச்சார்புப் பரீட்சை. அதில் தேறியவர்களைக் குழுக் கலந்துரையாடலுக்குக் கூப்பிடுவார்கள். இரண்டிலும் நம் பிள்ளைகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் நேரத்தில்தான். அதனால் நேரத்தை வைத்தே பழகுவோம்.

முதல் வேலை, ஒரு மாதிரி வினாத்தாளை எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்துச் செய்வது. 30 நிமிடத்தில் 30 கேள்வி என்று வையுங்கள். முதற்சுற்றில் பார்த்தவுடன் வழி தெரியும் கேள்விகளை மட்டும் செய்யுங்கள். அரை நிமிடம் யோசித்தும் வழி பிடிபடாவிட்டால், அடையாளம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஏழாவது கேள்வியில் நான்கு நிமிடம் போராடியவருக்கு, கடைசியில் இருக்கும் சுலபமான மூன்று கேள்விகள் கண்ணிலேயே படாது. ஆனால் சில கணினிப் பரீட்சைகளில் பின்னால் திரும்ப முடியாது. அறிவுறுத்தலை முதலில் வாசித்துவிடுங்கள்.

வேகமாகச் செய்தால் எங்கே சறுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு வான் இங்கிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குப் போய், அதே வழியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? 50 என்று கை தானாகவே போகும். விடைகளில் 50-ஐயும் வைத்திருப்பார்கள், அது பொறி. தூரம் தரவில்லையா, நீங்களே வசதியான ஓர் எண்ணை எடுங்கள். 60, 40 இரண்டாலும் பிரிபடும் 240 என்று வைப்போம். போக 4 மணி, வர 6 மணி. மொத்தம் 480 கிலோமீட்டருக்கு 10 மணி, ஆகவே 48. மெதுவாகப் போகும்போது வீதியில் கூடுதல் நேரம் இருக்கிறோம், அதனால்தான் சராசரி 40-இன் பக்கம் சாய்கிறது. இந்தக் காரணம் புரிந்தால் சூத்திரம் மறந்தாலும் தப்பிக்கலாம்.

ஒவ்வொரு தாளும் முடிந்த பிறகு, பிழைத்த கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்: வழி தெரியவில்லை, கேள்வியைப் பிழையாக வாசித்தேன், நேரம் போதவில்லை. ஐந்தாறு தாள் செய்ததும் எந்தக் காரணம் கூட வருகிறது என்று தெரிந்துவிடும். வாசிப்புப் பிழைதான் கூட என்றால், இன்னும் நூறு கணக்குச் செய்வதில் பலனில்லை.

பிழைக்குப் புள்ளி கழிப்பார்களா என்றும் பாருங்கள். நான்கு விடைகளில் ஒன்று சரி, ஒரு பிழைக்கு மூன்றிலொரு புள்ளி கழியும் என்றால், 12 கேள்விக்குக் கண்ணை மூடி அடித்தால் சராசரியாக 3 சரி, 9 பிழை. லாபம் பூச்சியம். இரண்டு விடைகளை நிச்சயமாக வெட்டிவிட்டு அடித்தால் 6 சரி, 6 பிழை, 4 புள்ளி மிஞ்சும். வெட்ட முடிந்தால் மட்டும் அடியுங்கள்.

சரி, இனிக் கலந்துரையாடல். எட்டுப் பேர், 15 நிமிடம் என்றால் ஒருவருக்கு இரண்டு நிமிடமும் வராது. அரை நிமிடப்படி மூன்று தடவை பேசினால் போதும். ஆனால் அந்த மூன்றும் முன்னால் பேசியவரின் கதையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

தலைப்பு சுற்றுலாத்துறை என்று வையுங்கள். ஒருவர், "சுற்றுலா வந்தால் வேலை வரும்" என்கிறார். அடுத்தவரும் அதையே வேறு வார்த்தையில் சொல்கிறார். அங்கே நீங்கள், "வேலை வரும் என்று சொன்னீர்கள், சரி. ஆனால் நிலாவெளியில் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் கூட்டம். வாடைக்காற்று மழை தொடங்கிய பிறகு அந்த வேலையாட்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டால் பேச்சு முன்னே நகரும். பார்த்துப் பழகிய ஊரைப் பற்றிப் பேசும்போது குரலும் நடுங்காது.

தமிழ்மூலம் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் தடுமாற்றம் வருவது பேச்சின் நடுவில் அல்ல, உள்ளே புகும் முதல் வசனத்தில். மற்றவரை ஏற்றுக்கொண்டு தொடங்க ஒன்று, மறுக்க ஒன்று, பேசாதவரை அழைக்க ஒன்று என மூன்று ஆங்கில வசனங்களைப் பாடமாக்குங்கள்.

அப்புறம், பின்னேரம் விடுதியில் ஆறு பேர் வட்டமாக இருந்து, நடுவில் ஒரு போனை வைத்து 15 நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டு, ஒவ்வொருவரும் எத்தனை தடவை பேசினார், எத்தனை தடவை மற்றவர் பேச்சை வெட்டினார் என்று கோடு போட்டு எண்ணுங்கள். நல்லாகப் பேசினேன் என்று நினைத்தவரின் பெயருக்கு நேரே, பேசியதற்கு இரண்டு கோடும் வெட்டியதற்கு ஆறு கோடும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் அவரை நேரம் பார்ப்பவராக இருத்தினோம். மூன்றாம் நாள் வெட்டியதற்கு ஒரு கோடுதான் விழுந்தது.