முன்பே தெரிந்த கொள்கை யாரை ஏமாற்றும்? பகுத்தறிவு எதிர்பார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் உள்ள தகவலை வைத்து மக்கள் எதிர்காலத்தைக் கணிக்கிறார்கள் என்கிற பகுத்தறிவு எதிர்பார்ப்புக் கோட்பாடு பற்றிய பொருளியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "மக்களுக்கு எல்லாம் முன்பே தெரியும், ஆகவே அரசின் கொள்கை எதுவும் பலிக்காது." ஒரே வரியில் இரண்டு தவறுகள். மக்களுக்கு எல்லாம் தெரியும் என்று இந்தக் கோட்பாடு சொல்லவில்லை. எந்தக் கொள்கையும் பலிக்காது என்றும் சொல்லவில்லை. அப்படியானால் என்னதான் சொல்கிறது? அமெரிக்காவின் 1970களை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும், ஏனென்றால் இந்தக் கோட்பாடு சூடு பிடித்ததே அந்தச் சூழலில்தான்.

அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் பொருளியலாளர்கள் பலர், பணவீக்கம் ஏறினால் வேலையின்மை இறங்கும் என்று காட்டும் பிலிப்ஸ் வளைகோட்டை ஒரு விலைப்பட்டியல் மாதிரி படித்தார்கள். கொஞ்சம் கூடுதல் பணவீக்கத்தைத் தாங்கிக்கொண்டால் வேலையின்மை குறையும். எவ்வளவு வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 1967 டிசம்பரில் மில்டன் ஃப்ரீட்மன் ஆற்றிய உரையில், இந்தப் பேரம் நீடிக்காது என்றார். எட்மண்ட் ஃபெல்ப்ஸும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார். அப்புறம் 1970களில் பணவீக்கம், வேலையின்மை இரண்டும் சேர்ந்தே ஏறின. 1975 மே மாதத்தில் வேலையின்மை 9 சதவீதம். 1980இல் சராசரிப் பணவீக்கம் 13 சதவீதத்தைத் தாண்டியது.

காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் கற்பனை, தர்க்கம் உண்மை. ஒரு நாட்டில் யாரும் ஏமாறாதபோது வேலையின்மை 6 சதவீதம் இருக்கும் என்று கொள்வோம். தொழிற்சங்கமும் ஆலையும் அடுத்த ஆண்டு விலைவாசி 2 சதவீதம் ஏறும் என்று எண்ணிக் கூலி ஒப்பந்தம் போடுகின்றன. மைய வங்கி பணத்தைத் தாராளமாக விட, விலைவாசி 6 சதவீதம் ஏறிவிடுகிறது. ஆலையின் சரக்குக்கு நல்ல விலை கிடைக்கிறது, கூலியோ பழைய கணக்கிலேயே நிற்கிறது. ஆள் வைப்பது லாபம் என்று ஆலை கூடுதலாக ஆள் எடுக்கிறது. எதிர்பாராத ஒவ்வொரு சதவீதப் புள்ளிக்கும் வேலையின்மை அரைப் புள்ளி குறையும் என்று வைத்துக்கொண்டால், எதிர்பாராதது 4 புள்ளி, ஆகவே வேலையின்மை 4 சதவீதத்துக்கு இறங்குகிறது. மைய வங்கிக்கு மகிழ்ச்சி.

அடுத்த ஆண்டு என்ன ஆகும்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. மந்தம் வந்தாலே மைய வங்கி பணத்தை விடும், விலை 6 சதவீதம் ஏறும் என்று சங்கம் கண்டுகொண்டது. இந்த முறை ஒப்பந்தத்திலேயே 6 சதவீதம் எழுதப்படுகிறது. மைய வங்கியும் வழக்கம்போலப் பணத்தை விடுகிறது, விலை 6 சதவீதம் ஏறுகிறது. எதிர்பாராதது எதுவும் இல்லை. வேலையின்மை மீண்டும் 6 சதவீதம், பணவீக்கம் மட்டும் 2 இருந்த இடத்தில் 6.

பலர் கவனிக்காத பகுதி இனிமேல்தான் வருகிறது. மூன்றாம் ஆண்டு மைய வங்கி மனம் திருந்திப் பணவீக்கத்தை 2 சதவீதத்தில் நிறுத்துகிறது. ஒப்பந்தமோ 6 என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. சரக்கின் விலை அந்த அளவு ஏறவில்லை, கூலி ஏறிவிட்டது. ஆலை ஆட்களைக் குறைக்கிறது, வேலையின்மை 8 சதவீதமாகிறது. அதாவது மக்கள் எதிர்பார்க்கும் பணவீக்கத்தைக் கொடுத்தால் பயன் இல்லை, கொடுக்காவிட்டால் அடி. ஃபின் கிட்லாண்ட், எட்வர்ட் பிரெஸ்காட் இருவரும் 1977இல் விளக்கிய பொறி ஏறக்குறைய இதுதான்.

இந்தக் கணக்கில் சங்கத்துக்கு ஞானதிருஷ்டி எதுவும் தேவைப்படவில்லை. மைய வங்கியின் பழக்கம் தெரிந்தால் போதும். ஜான் மூத் 1961இல் முன்வைத்த கருத்தும் அவ்வளவுதான்: கையில் கிடைக்கும் தகவலைப் பயன்படுத்தி மக்கள் கணிக்கிறார்கள். கணிப்பு தவறலாம், ஆனால் எப்போதும் ஒரே பக்கம் தவறிக்கொண்டிருக்காது. எண்ணெய் விலை திடீரென ஏறினால் எல்லோரும்தான் தவறாகக் கணித்திருப்பார்கள். அதனால் கோட்பாடு பொய்யாகிவிடாது. கணிக்கும்போதே கையில் இருந்த ஒரு தகவலை வைத்து அந்தத் தவறை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியுமா என்பதே சோதனை. முடியும் என்றால்தான் கோட்பாட்டுக்குச் சிக்கல்.

"கொள்கை பலிக்காது" என்ற பாதிக்கு வருவோம். தாமஸ் சார்ஜெண்ட், நீல் வாலஸ் இருவரும் 1975இல் காட்டிய முடிவு மிகக் குறுகலானது. பணக்கொள்கை ஒரு விதிப்படி நடக்கிறது, அந்த விதி எல்லோருக்கும் தெரியும், விலையும் கூலியும் தடையின்றி மாறும், மைய வங்கிக்கு மட்டும் தெரிந்த ரகசியத் தகவல் ஏதும் இல்லை. இத்தனையும் சேர்ந்தால், உற்பத்தியையும் வேலைவாய்ப்பையும் அந்த விதியால் அசைக்க முடியாது. பணவீக்கத்தை அசைக்கலாம், தாராளமாக. இந்த நிபந்தனைகளை மறந்துவிட்டு முடிவை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கமான தவறு.

வரிக் கொள்கையில் கதை தலைகீழாகவே இருக்கும். ஜப்பானில் 2014 ஏப்ரல் 1 முதல் நுகர்வு வரி 5இலிருந்து 8 சதவீதமாகும் என்று அதற்கு ஆறு மாதம் முன்பே அரசு உறுதிப்படுத்தியது. யாரும் ஆச்சரியப்படவில்லை. அதனாலேயே பொருளாதாரம் ஆடியது: மார்ச் முடியும்வரை மக்கள் முந்திக்கொண்டு வாங்கினார்கள், ஏப்ரலில் நுகர்வு கடுமையாகச் சரிந்தது. முன்பே தெரிந்த கொள்கை பலனின்றிப் போகவில்லை, பலன் நாள் மாறி வந்தது. இத்தகைய கொள்கையை மதிப்பிடும்போது அமலான நாளுக்குப் பின் வந்த எண்களை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். அறிவிப்பு வந்த நாளிலிருந்து பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இன்னொன்று. அறிவித்தாலே மக்கள் நம்பிவிடுவார்கள் என்று கொள்வது. இங்கேதான் பால் வோல்கரின் கதை வேண்டும்.

1979 ஆகஸ்டில் அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவரானார் வோல்கர். அக்டோபர் 6, ஒரு சனிக்கிழமை மாலை, பணப் பெருக்கத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்தார். கோட்பாட்டை மேலோட்டமாகப் படித்தவர் என்ன எதிர்பார்ப்பார்? கொள்கை மாறிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஆகவே கூலி ஒப்பந்தங்கள் உடனே இறங்கும், வேலை இழப்பு இல்லாமலேயே பணவீக்கம் தணியும். நடந்தது வேறு. 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது.

சங்கத்தின் இடத்தில் இருந்து பாருங்கள். அதற்கு முன்பும் பணவீக்கத்தை ஒடுக்குவோம் என்று சொன்னார்கள், மந்தம் வந்ததும் பின்வாங்கினார்கள். "புலி வருது" என்று கேட்டுக் கேட்டுச் சலித்த காது. வோல்கர் காலத்திலும் முதலில் அதுவே நடந்ததுபோல் தெரிந்தது: 1980 ஏப்ரலில் 17 சதவீதத்துக்கு மேல் இருந்த வங்கிகளுக்கிடையிலான ஒருநாள் வட்டி, மந்தம் வந்ததும் ஜூலையில் 9 சதவீதத்துக்கு இறங்கியது. பிறகு மறுபடி ஏற்றி 1981இல் 19 சதவீதம் வரை கொண்டுபோனார்கள். இதையெல்லாம் பார்த்த ஒருவர் அந்த அறிவிப்பை நம்பாமல் இருந்தது அறிவீனமா? பழைய அனுபவத்தையும் சேர்த்துக் கணித்தார், அவ்வளவே. மேலே பார்த்த கணக்கின் மூன்றாம் ஆண்டுதான் இது. நம்பாதவர்கள் நடுவே கொள்கை உண்மையிலேயே மாறியது. அந்த மாற்றமே எதிர்பாராத அதிர்ச்சியாக ஆலைகளையும் தொழிலாளர்களையும் தாக்கியது.

நம்பிக்கை வந்ததா என்பதை எதைப் பார்த்துச் சொல்வது? அந்த மாதப் பணவீக்க எண் உதவாது. நீண்டகால அரசுப் பத்திரத்தின் வட்டியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பத்தாண்டுக்குப் பணத்தைக் கடனாகக் கொடுப்பவர் பத்தாண்டுப் பணவீக்கத்தையும் மனதில் வைத்துத்தான் வட்டி கேட்பார். 1981 செப்டம்பரில் பணவீக்கம் 1980இன் உச்சத்திலிருந்து 11 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தது. பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டியோ 15 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. சந்தை நம்பவில்லை என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். முழுச் சான்று என்று சொல்ல மாட்டேன், அரசின் பெரிய பற்றாக்குறையும் வட்டியை ஏற்றியிருக்கும்.

நம்பாமை மட்டுமே காரணம் என்று முடித்துவிடுவதும் தவறு. மோட்டார், உருக்குத் துறைகளில் கூலி ஒப்பந்தங்கள் மூன்று ஆண்டுக்கானவை. 1979இல் கையெழுத்திட்டவர் 1980இல் வோல்கரை முழுமையாக நம்பினாலும் ஒப்பந்தம் மாறாது. ஸ்டான்லி ஃபிஷர் 1977இலும், கொஞ்சம் பின்னர் ஜான் டெய்லரும் இதை எடுத்துக்காட்டினார்கள்: எதிர்பார்ப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும், ஒப்பந்தங்கள் நீண்டு, வெவ்வேறு நேரத்தில் முடிந்தால், முன்பே தெரிந்த பணக்கொள்கையும் வேலைவாய்ப்பை அசைக்கும். ஆகவே வோல்கர் கால மந்தத்தைக் காட்டிப் பகுத்தறிவு எதிர்பார்ப்பு செத்துவிட்டது என்பவர்கள் உண்மையில் தாக்குவது விலையும் கூலியும் உடனே மாறும் என்ற இன்னொரு அனுமானத்தை. இரண்டும் வேறு வேறு. நம்பாமைக்கு எத்தனை பங்கு, ஒப்பந்தத்துக்கு எத்தனை பங்கு என்று பிரிப்பது கடினம். பிரித்துவிட்டதாகச் சொல்பவரிடம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, நடந்து முடிந்ததை வைத்துத் தீர்ப்பு சொல்லும் பழக்கம். 1981இல் 15 சதவீத வட்டியில் பத்திரம் வாங்கியவருக்குப் பின்னாளில் கொள்ளை லாபம். பணவீக்கம் 1983இல் 3 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. சந்தை பல ஆண்டுகள் ஒரே பக்கம் தவறியது, ஆகவே மூத் சொன்னது பொய் என்று வாதிடலாம்தானே? அவசரப்பட வேண்டாம். மெக்சிகோவின் பெசோ 1954 முதல் டாலருக்கு 12.50 என்றே நின்றது. நாணயச் சந்தையோ அது விழும் என்று எண்ணி விலை சொல்லிக்கொண்டே இருந்தது. ஆண்டுக்கணக்கில் அது தவறான கணிப்பாகவே தெரிந்தது. 1976 ஆகஸ்ட் இறுதியில் பெசோ விழுந்தது. சிறிய வாய்ப்புள்ள பெரிய ஆபத்து ஒன்று நடக்காமலேயே தள்ளிப்போகும்போது, நியாயமான கணிப்பும் தொடர்ந்து ஒரே பக்கம் தவறியதுபோலத் தெரியும். வோல்கர் மறுபடி பின்வாங்கும் வாய்ப்பும் அப்படிப்பட்டதே.

ஆனால் எல்லாவற்றுக்கும் இந்தச் சமாதானம் செல்லாது. ரிசர்வ் வங்கி நம் நகரங்களின் குடும்பங்களிடம் விலைவாசி எவ்வளவு ஏறும் என்று கேட்டு ஆய்வு நடத்துகிறது. அவர்கள் சொல்லும் எண், பின்னர் வெளியாகும் பணவீக்கத்தைவிடப் பல ஆண்டுகளாக மேலேயே இருந்துவந்திருக்கிறது. தக்காளி, வெங்காயம், சிலிண்டர் விலையை வைத்துத்தான் வீடுகள் கணக்குப் போடுகின்றன என்பது ஒரு விளக்கம். பத்திரச் சந்தைக்கும் மூன்று ஆண்டு ஒப்பந்தம் பேசும் சங்கத்துக்கும் ஓரளவு பொருந்தும் அனுமானத்தை, சந்தைக்குப் பையோடு போகும் ஒருவர்மேல் அப்படியே ஏற்றுவதற்குமுன் இந்த எண்களைப் பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது.