199 எப்போது 249 ஆனது? ஆட்டோபேயில் கூடிப்போன தொகையைக் கண்டுபிடிக்கும் வழி

மாதாமாதம் தானாகக் கழியும் காசை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. புத்தகம் படிக்கும் ஆப் ஒன்றுக்கு (பெயர் வேண்டாம்) யூபிஐ ஆட்டோபேயில் 199 ரூபாய் போய்க்கொண்டிருக்கிறது என்றே நினைத்திருந்தேன். ஏப்ரல் கடைசியில் வேறு எதையோ தேடி பேங்க் ஸ்டேட்மெண்டைத் திறந்தால் அங்கே 249 என்று இருக்கிறது, அதற்கு முந்தைய மாதமும் 249. நான் எதற்கும் சரி சொல்லவில்லை, பின் நம்பரும் போடவில்லை. அப்புறம் எப்படி? இதைத் தேடிப்போன வழியை வரிசையாகச் சொல்கிறேன், உங்கள் சந்தாவுக்கும் அப்படியே செய்து பார்க்கலாம்.

1. பதின்மூன்று மாத ஸ்டேட்மெண்ட்

பேங்க் ஆப்பில் ஸ்டேட்மெண்டை பிடிஎஃப்பாக இறக்குங்கள். பன்னிரண்டு மாதம் போதாது, பதின்மூன்று எடுங்கள். வருடச் சந்தா இரண்டு தடவை கண்ணில் பட்டால்தானே போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று பார்க்க முடியும். கிரெடிட் கார்டில் போகிறது என்றால் அதற்குத் தனி ஸ்டேட்மெண்ட்.

அதில் ஆப்பின் பெயரைத் தேடுங்கள். சில நேரம் பெயர் வராது, நடுவில் பணத்தை வாங்கிக் கொடுக்கும் கேட்வே கம்பெனியின் பெயர் இருக்கும். அப்போது பழைய தொகையையே தேடுங்கள், எனக்கு 199 என்று தேடியதும் கிடைத்துவிட்டது. தேதியையும் தொகையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி கழிந்திருக்கிறது, ஜனவரி வரை 199, பிப்ரவரியிலிருந்து 249. ஆக மூன்று மாதம், 150 ரூபாய்.

2. புதியதைப் பழையதால் வகுங்கள்

ஏன் கூடியது என்பதற்கு முதல் துப்பு இந்த வகுத்தலில்தான் இருக்கிறது. விடை சரியாக 1.18 வந்தால், முன்பு ஜிஎஸ்டி சேர்க்காத விலையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லது இப்போதுதான் 18 சதவீத வரியைத் தனியாகச் சேர்க்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். 2 வந்தால் பெரும்பாலும் பாதி விலைச் சலுகை முடிந்திருக்கும். விகிதம் ஒழுங்காக வராமல், மாதத்துக்கு மாதம் சில ரூபாய் ஏறி இறங்கினால் டாலரில் வாங்குகிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் விலையைத் தொட்டிருக்க மாட்டார்கள், மாற்று விகிதமும் உங்கள் கார்டு போடும் அந்நியச் செலாவணிக் கட்டணமும்தான் ஆடும்.

எனக்கு 249 ÷ 199 = 1.25. வரி இல்லை, சலுகை முடிந்ததாகவும் தெரியவில்லை.

3. இரண்டு ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஆப்பின் கணக்குப் பக்கத்தில் கட்டண வரலாறு என்று ஒரு இடம் இருக்கும், ஜனவரி ரசீதையும் பிப்ரவரி ரசீதையும் அங்கே இறக்கினேன். பார்க்க வேண்டியது இரண்டுதான், பிளான் பெயரும் வரிக்கு முந்தைய தொகையும். பிளான் பெயர் மாறியிருந்தால் கதையே வேறு. புதுப்பிக்கும்போது உங்களை வேறு பிளானுக்கு மாற்றியிருக்கிறார்கள், அல்லது வீட்டில் யாரோ கை தவறித் தட்டியிருக்கிறார்கள். என் ரசீதுகளில் பெயர் ஒன்றுதான். வரிக்கு முன் 168.64 இருந்தது 211.02 ஆகியிருந்தது. சரி, விலையைத்தான் ஏற்றியிருக்கிறார்கள்.

4. சொன்னார்களா, சொல்லவில்லையா?

ஜிமெயிலில் இதைப் போட்டுத் தேடுங்கள், `example.com` என்ற இடத்தில் அவர்களுடைய டொமைனைப் போடுங்கள்:

```
from:example.com (price OR plan OR renew) in:anywhere
```

கடைசியில் இருக்கும் `in:anywhere` குப்பையையும் ஸ்பேமையும் சேர்த்துத் தேடும். ஆனால் ஸ்பேமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும், தாமதமாகத் தேடினால் கிடைக்காது. எனக்கு ஜனவரி 3ஆம் தேதி மெயில் வந்திருக்கிறது, `Promotions` பகுதியில். தலைப்பு "உங்கள் வாசிப்பு அனுபவத்தில் புதியவை" என்ற மாதிரி ஏதோ, விலை நான்காவது பத்தியில்.

இது போதாதென்று, ரிசர்வ் வங்கி விதிப்படி ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று அறிவிப்பு வர வேண்டும். எஸ்எம்எஸ்ஸைப் புரட்டினேன். வந்திருக்கிறது, மூன்று மாதமும், 249 என்று தெளிவாக. படிக்காமல் தள்ளிவிட்டது நான்தான்.

5. பின் நம்பர் கேட்காமல் போன மர்மம்

யூபிஐ ஆப்பில் உங்கள் படத்தைத் தட்டினால் `Autopay` என்று இருக்கும். அதில் அந்தச் சந்தாவின் மேண்டேட்டை, அதாவது தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியைத் திறந்து தொகை எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். எனக்கு அங்கே 199 இல்லை, "அதிகபட்சம் 1,000 வரை" என்று இருந்தது!

மேண்டேட் இரண்டு வகை. தொகை நிலையானது என்றால் அந்தத் தொகையைத்தான் எடுக்கலாம், விலை ஏறினால் உங்களிடம் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். மாறக்கூடியது என்றால் உச்சவரம்புக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு தடவைக்கு 15,000 ரூபாய்க்குள் இருக்கும் சாதாரணச் சந்தாவுக்கு மறுபடி பின் நம்பர் தேவையில்லை. வரம்பை வாடிக்கையாளர் வைக்கலாம் என்று விதி சொன்னாலும், நடப்பில் கம்பெனியே ஓர் எண்ணை நிரப்பி அனுப்புகிறது, நாம் 199ஐ மட்டும் பார்த்துவிட்டுப் பின் நம்பர் போடுகிறோம். நான் முதல் நாளே 1,000 ரூபாய்க்குச் சரி சொல்லியிருக்கிறேன்.

6. இனி என்ன செய்வது

முன்னறிவிப்பு கொடுத்திருந்தால் பழைய காசு திரும்புவது கஷ்டம், எனக்கும் மறுத்துவிட்டார்கள். மெயிலே வரவில்லை என்றால் இரண்டு ரசீதையும் இணைத்து, விலை மாற்றத்தை எந்தத் தேதியில் எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றி விட்டாலும் அங்கேயே சொல்லுங்கள். 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் தடை செய்த 13 தந்திரங்களில் சந்தாப் பொறியும் ஒன்று. 24 மணி நேர அறிவிப்பு வரவில்லை என்பது பேங்கிடம் சொல்ல வேண்டிய புகார், 30 நாளில் அங்கே தீராவிட்டால் `cms.rbi.org.in`.

நிறுத்துவதானால் முதலில் ஆப்பில் சந்தாவை ரத்து செய்யுங்கள், அடுத்த அறிவிப்பு வருவதற்கு இரண்டு நாளாவது முன்பு. அப்புறம்தான் மேண்டேட்டை நீக்க வேண்டும். மேண்டேட்டை மட்டும் நீக்கினால் பணம் போகாது, ஆனால் அவர்கள் கணக்கில் நீங்கள் பாக்கிக்காரர்.

நான் மே 8ஆம் தேதி ரத்து செய்யப் போனேன். கடைசித் திரையில் "போக வேண்டாம், மூன்று மாதம் 149க்கு" என்று வந்தது. ஆசை யாரை விட்டது, எடுத்துக்கொண்டேன். புது மேண்டேட் கேட்கவில்லை, அதே 1,000 ரூபாய் வரம்புதான் ஓடுகிறது, அதனால் ஆகஸ்ட் 12ஆம் தேதி மறுபடி 249 ஆகும்போதும் யாரும் என்னிடம் பின் நம்பர் கேட்கப் போவதில்லை. ஆகஸ்ட் 9ஆம் தேதிக்கு போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.